சாலுரானில் தாள் கணக்கு இடிக்காமல் இருக்க: கே.டி.எம். கையில் இருக்க வேண்டிய பொருள் பட்டியல்

மலேசியத் தேர்தல் நாளில் மாலை ஆறு மணிக்குக் கதவு மூடியதும், சாலுரான் எனப்படும் வாக்களிப்பு அறையில் இருக்கும் எல்லாரும் எண்ணிக்கையைத்தான் எதிர்பார்த்து நிற்பார்கள். அந்த நேரத்தில் ஒரு தாள் கூடுதல் என்றோ குறைவு என்றோ வந்தால், வேட்பாளர்களின் பிரதிநிதிகளான பாக்கா ஏஜெண்டுகள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். கிராணிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சாலுரானின் பொறுப்பதிகாரியான கே.டி.எம். வேர்த்துக் கொட்ட முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார். ஆனால் அந்த ஒரு தாள் இரவில் தொலைவது அபூர்வம். காலையில் கையெழுத்துப் போட்டுப் பொருளை வாங்கும்போதோ, பகலில் ஒரு கெட்ட தாளை உறையில் போட மறக்கும்போதோ தொலைந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டி வாக்கு எண்ணும் முறையைப் பற்றி அதிகம் பேசாது. படிவம், முத்திரை, மை, தாள் ஆகிய நான்கையும் எப்படி வாங்குவது, எப்படிக் குறித்துவைப்பது, மாலையில் எப்படி ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது என்பதோடு நிற்கும்.

முதலில் எத்தனை தாள் என்று தெளிவாகுங்கள்

கோலாலம்பூரில் சட்டமன்றம் கிடையாது. அந்தக் கூட்டரசுப் பிரதேசத்தில் 11 நாடாளுமன்றத் தொகுதிகள் மட்டுமே. எந்தப் பொதுத் தேர்தலிலும் ஒரு வாக்காளருக்கு ஒரே தாள், ஒரே பெட்டி, முடிவை எழுத ஒரே போராங் 14. பினாங்கில் அப்படி இல்லை. அங்கே நாடாளுமன்றத்துக்கு 13 தொகுதி, சட்டமன்றத்துக்கு 40 தொகுதி. 2018இல் இரண்டும் ஒரே நாளில் நடந்ததால் ஒரு வாக்காளருக்கு இரண்டு தாள் போனது. 2022 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு மட்டும், 2023 ஆகஸ்ட் 12இல் சட்டமன்றத்துக்கு மட்டும் என்று பிரிந்து நடந்ததால் இரண்டு முறையும் ஒற்றைத் தாள்தான்.

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரட்டைத் தாள் தேர்தலில் வேலை செய்த பழக்கத்தோடு ஒற்றைத் தாள் தேர்தலுக்கு வருபவருக்கு வேலை சுலபம். எதிர்ப்பக்கமாக வருபவருக்குத்தான் ஆபத்து. இரண்டு தாள் இருக்கும் நாளில் கீழே சொல்லும் எல்லாக் கணக்கையும் இரண்டு தனித் தாளில், இரண்டு தனிப் பத்தியில் எழுத வேண்டும். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதும் பழக்கம் வந்துவிட்டால் இரவில் எது எங்கே விடுபட்டது என்று கண்டுபிடிக்கவே முடியாது. கீழே உள்ள உதாரணம் ஒற்றைத் தாள் தேர்தலுக்கானது.

பொருளை வாங்கும் மேசையில்

தேர்தல் நிர்வாக அதிகாரியின் ஆட்கள் பொருளைத் தரும்போது கூட்டம் நெருக்கும், பின்னால் வேறொரு கே.டி.எம். காத்துக்கொண்டிருப்பார். "எல்லாம் இருக்கு சார், கையெழுத்துப் போடுங்க" என்பார்கள். எல்லாவற்றையும் அங்கேயே எண்ண நேரம் கிடைக்காது என்பது உண்மை. ஆனாலும் நான்கு விஷயத்தை மட்டும் பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

முதலாவது, தொகுதி எண். வாக்குத்தாள், வாக்காளர் பட்டியல், போராங் 14 மூன்றிலும் ஒரே தொகுதிப் பெயரும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பினாங்கில் பிறை சட்டமன்றத் தொகுதி என்றால் அது பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. பட்டியலின் எண் 046/16 என்று தொடங்கும், அதன் பிறகு வாக்களிப்பு வட்டாரத்தின் எண். கோலாலம்பூர் பத்து தொகுதியில் சட்டமன்ற எண் வரும் இடத்தில் பூஜ்யங்கள் நிற்கும், 115/00 என்று. ஒரே பள்ளிக்கூடத்தில் பல சாலுரான்கள் இயங்கும்போது பக்கத்து சாலுரானின் பட்டியல் உங்கள் பையில் வந்துவிடுவதுதான் அதிகம் நடப்பது. இரண்டுக்கும் மேலட்டை ஒரே மாதிரி இருக்கும். சாலுரான் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. பட்டியலின் முதல் பெயருக்குரிய வரிசை எண்ணையும் கடைசிப் பெயருக்குரிய வரிசை எண்ணையும் பாருங்கள்.

இரண்டாவது, தாள் புத்தகங்களின் தொடர் எண். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் எண்ணும் கடைசி எண்ணும் பெறுதல் சீட்டில் எழுதியதோடு ஒத்துப்போக வேண்டும். புத்தகங்களுக்கு இடையில் எண் தாவக் கூடாது. தாவினால் அது தவறு என்று அவசியமில்லை, நடுவில் உள்ள புத்தகம் வேறு சாலுரானுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தத் தாவலைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரவில் அது உங்கள் பொறுப்பில் தொலைந்த புத்தகமாகிவிடும்.

மூன்றாவது, முத்திரை எண்கள். நான்காவது, மை புட்டியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா, புட்டி கசிந்து பையை நனைத்திருக்கிறதா என்பது. இந்த இரண்டையும் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

மற்றவை, அதாவது பேனா, நூல், கத்தரிக்கோல், பசைநாடா, மறைப்புத் தட்டி, அறிவிப்புத் தாள், ஸ்டாம்ப் பேட் போன்றவை, சாலுரானுக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். குறைந்தால் பக்கத்து அறையில் கடன் கேட்கக்கூடிய சாமான்கள் இவை. வாக்குத்தாளையும் முத்திரையையும் பட்டியலையும் யாரிடமும் கடன் வாங்க முடியாது. பையைப் பிரிக்கும்போது இந்த வித்தியாசத்தை மனதில் வைத்தால் எதற்கு நேரம் செலவழிக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

தாள் எண்ணுவது: ஒன்றைக் கூட்ட மறக்காதீர்கள்

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். சாலுரான் 3. பட்டியலில் 562 வாக்காளர்கள். கையில் வந்தவை 12 புத்தகங்கள். ஒரு புத்தகத்தில் 50 தாள் என்று இங்கே வைத்துக்கொள்ளலாம். உங்கள் புத்தகத்தில் எத்தனை என்பதை அதன் அட்டையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முதல் தாளின் எண் 24401, கடைசித் தாளின் எண் 25000.

மொத்தம் எத்தனை? 25000இல் 24401ஐக் கழித்தால் 599 வரும். அதை அப்படியே எழுதிவிட்டால் நாள் முழுக்க ஒரு தாள் கூடுதலாகவே காட்டும். இரண்டு முனையும் சேர்த்தியாதலால் கழித்த பிறகு ஒன்றைக் கூட்ட வேண்டும்: 600. இது பள்ளிப்பிள்ளைக் கணக்குத்தான், ஆனால் விடிகாலை ஐந்தரை மணிக்கு எழுந்து வந்தவருக்கு இது சறுக்கும் இடம். புத்தக எண்ணிக்கையைப் பெருக்கியும் பாருங்கள். 12 × 50 = 600. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால்தான் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

சாலுரானில் கதவு திறக்கும் முன் ஒவ்வொரு புத்தகத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அடிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு தாள்களைச் சீட்டுக்கட்டு போல விசிறி விடுங்கள். மூன்று குறையைத் தேடுகிறீர்கள்: அடிக்கட்டையில் உள்ள எண் விட்டுப்போனதா அல்லது இரட்டித்ததா, வேட்பாளர் பெயரோ சின்னமோ மங்கியோ வெட்டுப்பட்டோ இருக்கிறதா, புதுத் தாள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறதா. விசிறுவதால் ஒட்டின தாள்களும் பிரிந்துவிடும். பினாங்கின் ஈரக் காற்றில், காற்றாடி மட்டும் சுழலும் வகுப்பறையில், இது வீண் வேலை அல்ல.

அச்சுக் குறையுள்ள தாள் கிடைத்தால் கிழித்து எறியாதீர்கள். அதன் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி, குறுக்கே கோடிட்டு, ஏஜெண்டுகளிடம் காட்டி, தனி உறையில் போடுங்கள். அது வாக்காளர் யாருக்கும் போகாத தாள். வாக்காளர் கெடுத்துத் திருப்பித் தந்த தாளோடு அதைக் கலக்கக் கூடாது.

பட்டியலும் படிவங்களும்

படிவங்களில் தடிமனாகத் தெரிவது போராங் 14தான். வாக்கு எண்ணி முடித்தபின் சாலுரானின் முடிவை எழுதும் அறிக்கை அது. கே.டி.எம். கையெழுத்திட்டு, இருக்கும் ஏஜெண்டுகளும் கையெழுத்திட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி போகும். 2018 தேர்தல் இரவில் சில இடங்களில் இதில் கையெழுத்துக் கிடைக்கவில்லை என்று எதிர்க்கட்சித் தலைவர்கள் வெளிப்படையாகவே புகார் சொன்னார்கள். அன்றிலிருந்து ஏஜெண்டுகள் வேறு எதை மறந்தாலும் இந்தப் படிவத்தை மறப்பதில்லை. வேட்பாளர் எண்ணிக்கையோடு இரண்டு மூன்று பிரதி கூடுதலாக இருக்கிறதா என்று காலையிலேயே எண்ணிவிடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு வெற்றுப் படிவம் தேடி அலுவலக அறையைத் திறக்கச் சொல்வது நடக்காத காரியம்.

வேட்பாளர் பெயர்களைக் காலையிலேயே எல்லாப் பிரதியிலும், வாக்குத்தாளில் உள்ள அதே வரிசையில் எழுதி வைக்கலாம். எண்களுக்கான கட்டங்களை மட்டும் தொடாதீர்கள். வரிசை மாறினால் இரவில் ஒருவருடைய வாக்கு இன்னொருவர் பெயருக்கு எதிரே போய் உட்காரும்.

இரகசியம் காக்கும் உறுதிமொழியில் கிராணிகளும் ஏஜெண்டுகளும் கையெழுத்திட்டார்களா என்று பாருங்கள். ஏஜெண்டுகள் நேரம் மாற்றி வருவார்கள்; பத்து மணிக்குப் புதிதாக வந்தவரிடம் கையெழுத்து வாங்க மறப்பது சாதாரணம். பார்வையற்றவருக்கோ உடல் நலம் குன்றியவருக்கோ துணையாக வருபவர் நிரப்ப வேண்டிய படிவம் தனியாக இருக்கும். வயதானவர்கள் அதிகம் வரும் சாலுரான் 1க்கு இந்தப் படிவத்தைக் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். மற்ற சாலுரான்களில் நாலைந்து போதும்.

வாக்காளர் பட்டியலில் முதல் கிராணி கோடு போடுவார். கோட்டுக்குப் பயன்படுத்தும் பேனாவும் ஸ்கேலும் அந்த மேசையை விட்டுப் போகக் கூடாது. ஸ்கேல் இல்லாமல் கையால் இழுத்த கோடு பக்கத்துப் பெயரையும் தொட்டால், மாலையில் அது ஒருவரா இருவரா என்று சண்டை வரும்.

பெட்டியும் முத்திரையும்

கதவு திறப்பதற்கு முன் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, காலியாக இருப்பதை அங்கிருப்பவர்கள் பார்க்கும்படி செய்து, பிறகு மூடி முத்திரையிடுவது கே.டி.எம். கடமை. பெட்டி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்தானே என்று கவிழ்க்காமல் விட்டுவிடுவோர் உண்டு. மூடியின் உட்பக்கமும் மூலையும் வெளியிலிருந்து தெரியாது. பழைய பசைநாடாத் துண்டோ முந்தைய தேர்தலின் காகிதத் துண்டோ ஒட்டியிருக்கக்கூடிய இடம் அதுதான்.

பிளாஸ்டிக் முத்திரை ஒருமுறை இழுத்தால் திரும்ப வராது. அதனால் வரிசை முக்கியம். முத்திரையில் உள்ள எண்ணை உரக்கப் படியுங்கள். குறிப்பேட்டில் எழுதுங்கள். ஏஜெண்டுகள் தங்கள் நோட்டில் எழுதும்வரை காத்திருங்கள். அதன் பிறகு துளையில் மாட்டுங்கள். மூடி முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று நான்கு பக்கமும் அழுத்திப் பார்த்தபின்தான் இழுங்கள். மூடி ஒரு பக்கம் தூக்கியிருக்கும்போது இழுத்துவிட்டால் முத்திரையை வெட்டிவிட்டு வேறொன்று போட வேண்டியதுதான். வெட்டிய துண்டு குப்பைக்குப் போகக் கூடாது, அதன் எண்ணோடு உறைக்குள் போக வேண்டும்.

முத்திரைக்கும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. உதாரணமாக எட்டு முத்திரை வாங்கினீர்கள், பெட்டியில் மாட்டியவை நான்கு, வெட்டியது ஒன்று, மீதி மூன்று. இரவில் பெட்டியைத் திறக்கும்போது வெட்டும் நான்கும் இந்தப் பட்டியலில் உள்ள அதே எண்களா என்று ஏஜெண்டுகள் முன்னால் படித்துப் பாருங்கள். எண்ணி முடித்தபின் பெட்டியையோ பையையோ மறுபடி மூடப் போடும் முத்திரை இந்த மீதி மூன்றிலிருந்து வர வேண்டும். தேர்தல் நிர்வாக அதிகாரியின் மேசையில் உங்கள் குறிப்பேட்டில் இல்லாத எண்ணோடு பெட்டி வந்து நின்றால், உள்ளே எல்லாம் சரியாக இருந்தாலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

மை

மலேசியாவில் பொதுத் தேர்தலுக்கு அழியா மை முதன்முதலில் 2013இல் வந்தது. 2008இலேயே வருவதாக இருந்து, வாக்களிப்புக்கு நான்கு நாள் முன்பு ரத்தானது. 2013இல் முன்கூட்டிய வாக்களிப்பு நாளன்றே மை கழுவினால் போய்விடுகிறது என்று புகார் கிளம்பியது. அந்தச் சர்ச்சைக்குள் இங்கே போக வேண்டாம். ஆனால் மேசையில் மை ஏன் சரியாகப் பிடிக்காமல் போகும் என்பது கிராணிக்குத் தெரிய வேண்டும்.

அழியா மை பிடிப்பது வெள்ளி நைட்ரேட்டால். அது தோலில் ஊறி, வெளிச்சம் பட்டுக் கருக்கிறது. விரலில் இட்டதும் தெரியும் நிறம் வேறு, பிறகு நிற்கும் கறை வேறு. எண்ணெய்ப் பசை, கிரீம், இன்னும் காயாத கைச்சுத்திகரிப்பான், வியர்வை, இந்த நான்கில் எது விரலில் இருந்தாலும் மை தோலைத் தொடாமல் மேலே மிதக்கும். எனவே இரண்டாவது கிராணியின் மேசையில் மை புட்டிக்குப் பக்கத்தில் ஒரு கட்டு டிஷ்யூ இருக்க வேண்டும். விரலைத் துடைக்கச் சொல்லி, பார்த்து, அதன் பிறகே மை. கைச்சுத்திகரிப்பான் வைப்பதாக இருந்தால் அதை மை இடும் மேசைக்கு அருகில் அல்லாமல் வாசலில் வையுங்கள்.

இரண்டாவது காரணம் புட்டியே. நின்றுபோன புட்டியில் சரக்கு அடியில் தங்கும். காலையிலும், வரிசை ஓய்ந்து மறுபடி தொடங்கும் ஒவ்வொரு முறையும் மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்குங்கள். மூடியைத் திறந்தே வைக்காதீர்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் மேசையில் புட்டி நிற்கவும் கூடாது. மதியத்துக்கு மேல் மை வெளிறிப்போவதாகத் தோன்றினால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

இடும் இடம் இடது ஆட்காட்டி விரல். நகத்தின் மேல் மட்டும் தொட்டு விடாமல் நகமும் தோலும் சேரும் ஓரத்திலும் படும்படி இடுங்கள். நகத்தில் பட்டது நகம் வளரும்வரை நிற்கும், ஓரத் தோலில் பட்டது துடைத்தால் எளிதில் போகாது. அந்த விரல் இல்லாதவருக்கு இடது கையின் வேறு விரலில், இடது கையே இல்லாதவருக்கு வலது கையில். மை இட மறுப்பவருக்கு வாக்குத்தாள் தரக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் கிராணி வாக்காளரோடு வாதாடத் தேவையில்லை, கே.டி.எம்.ஐ அழைத்தால் போதும். ஆனால் இதற்குள் முதல் கிராணி பட்டியலில் கோடு போட்டிருப்பார். அந்தக் கோட்டை யாரும் அழிக்கக் கூடாது. வரிசை எண்ணையும் நேரத்தையும் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பின்னால் கணக்குப் பார்க்கும்போது இந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

ஈர மை தாளில் படுவது இன்னொரு தொல்லை. மூன்றாவது கிராணி தாளைக் கொடுக்கும்போது வலது கையில் வாங்கச் சொல்லுங்கள். மடித்த தாளின் உள்ளே மைக்கறை எதிர்ப்புறக் கட்டத்திலும் பதிந்தால், எண்ணும் நேரத்தில் அது இரண்டாவது குறியா வெறும் கறையா என்ற வழக்கு தொடங்கும்.

பகலில் மணிக்கு ஒரு முறை

ஒவ்வொரு மணி நேரமும் இரண்டு எண்ணைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். பட்டியலில் இதுவரை எத்தனை கோடு. அடிக்கட்டையில் கடைசியாகக் கிழித்த தாள் எண்ணிலிருந்து எத்தனை தாள் போயிருக்கிறது. கெட்ட தாளும் அச்சுக் குறைத் தாளும் கழித்தபின் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் தவறு கடந்த ஒரு மணி நேரத்துக்குள் நடந்தது என்பது உறுதி. இருபது பெயருக்குள் தேடுவதும் நானூறு பெயருக்குள் தேடுவதும் ஒன்றல்ல.

அப்போது வரிசையில் வெளியேறாத வாக்காளர் ஒருவர் நடுவில் நிற்பார், அதாவது கோடு விழுந்திருக்கும், தாள் இன்னும் கிழிபட்டிருக்காது. அதனால் எண்ணும் நொடியில் முதல் கிராணியை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி, முன்னால் உள்ளவர்கள் தாள் வாங்கி முடித்தபின் எண்ணுங்கள்.

கெட்ட தாளின் நடைமுறை இது. வாக்காளர் தவறாகக் குறியிட்டுவிட்டு, பெட்டியில் போடாமல் திருப்பித் தந்தால் புதுத் தாள் கொடுக்கலாம். பழையதை அவர் முன்னாலேயே 'கெட்டது' என்று குறித்து, உறையில் போட்டு, எண்ணை எழுதுங்கள். பட்டியலில் இரண்டாவது கோடு வராது, ஏனென்றால் ஆள் ஒருவரே. எழுத மறந்த கெட்ட தாள் ஒன்று மாலையில் காணாமல் போன வாக்குத்தாளாக உருமாறிவிடும்.

இங்கே இன்னொரு குழப்பம் வரும். பேச்சு வழக்கில் 'ரோசாக்' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சொல்வார்கள்: வாக்காளர் கெடுத்துத் திருப்பித் தந்த தாள், பெட்டிக்குள் போய் எண்ணும்போது செல்லாததாக ஒதுக்கப்பட்ட தாள். முதலாவது பெட்டிக்குள் போகவே இல்லை, இரண்டாவது பெட்டிக்குள்ளிருந்து வந்தது. கிராணியிடம் 'ரோசாக் எத்தனை' என்று கேட்காதீர்கள். 'திருப்பித் தந்தது எத்தனை' என்று கேளுங்கள்.

ஆறு மணிக்குப் பிறகு: ஒரு முழுக் கணக்கு

மேலே சொன்ன சாலுரான் 3இன் கணக்கைப் பார்ப்போம். கதவு மூடியபோது எட்டுப் புத்தகம் முடிந்து, ஒன்பதாவதில் 37 தாள் போயிருந்தது. கடைசியாகக் கிழித்த தாளின் எண் 24837.

அடிக்கட்டையிலிருந்து பிரிந்த தாள்: 24837 − 24401 + 1 = 437.
மீதித் தாள்: 25000 − 24838 + 1 = 163. சரிபார்ப்பு: 437 + 163 = 600.

பிரிந்த 437இல் ஒன்று அச்சுக் குறை, யாருக்கும் போகவில்லை. மூன்று வாக்காளர் திருப்பித் தந்தவை. ஆக 437 − 1 − 3 = 433 தாள் பெட்டிக்குள் இருக்க வேண்டும். பட்டியலில் கோடுகளை எண்ணினால் 433. இரண்டும் ஒத்துவருகிறது. இந்த எண்ணைப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டு ஏஜெண்டுகளுக்குச் சொல்லிவிடுங்கள். பெட்டியைத் திறந்தபின் சொல்கிற எண்ணுக்கு அதே மதிப்பு இருக்காது.

பெட்டியைத் திறந்து எண்ணியபோது 432 தாள். வேட்பாளர்களுக்கு 231, 168, 24, கூட்டினால் 423. நிராகரிக்கப்பட்டவை 9. 423 + 9 = 432. அப்படியானால் வாக்காளர் கைக்குப் போய்ப் பெட்டியில் விழாத தாள் ஒன்று. வாக்காளர் யாரோ தாளைப் பையில் மடித்துக்கொண்டு போயிருக்கிறார். இது நடக்கக்கூடியது, படிவத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. அதை அப்படியே எழுத வேண்டும். 433 வரவேண்டும் என்பதற்காக யாருடைய வாக்கிலும் ஒன்றைக் கூட்டுவது குற்றம்.

கடைசிச் சரிபார்ப்பு: பெட்டியில் 432, வெளியே போனது 1, திருப்பித் தந்தது 3, அச்சுக் குறை 1, மீதி 163. கூட்டினால் 600. காலையில் வாங்கிய அதே எண்.

இடித்தால் எங்கே தேடுவது

கோடு கூடுதல், தாள் குறைவு என்றால் முதலில் குறிப்பேட்டைப் புரட்டுங்கள். மை மறுத்துத் திரும்பியவரோ, வேறு சாலுரானுக்குப் போக வேண்டியவருக்குத் தவறாக விழுந்த கோடோ இருக்கும். அதன் பிறகும் இடித்தால் இரண்டு பெயரைத் தொட்ட கோட்டைத் தேடுங்கள்.

தாள் கூடுதல், கோடு குறைவு என்றால் காரணம் இரண்டில் ஒன்று. ஒட்டின இரண்டு தாள் ஒருவருக்கே போயிருக்கலாம், அல்லது முதல் கிராணி ஒரு பெயரை உரக்கப் படித்துவிட்டுக் கோடு போட மறந்திருக்கலாம். இரண்டாவதைச் சோதிக்க வழி உண்டு. பெயரும் எண்ணும் படிக்கப்படும்போது ஏஜெண்டுகளும் தங்கள் பட்டியலில் கோடு போடுகிறார்கள். அவர்கள் பட்டியலோடு ஒப்பிட்டால் விட்டுப்போன பெயர் தெரியும். அதற்காக உங்கள் பட்டியலில் இப்போது புதுக் கோடு போடாதீர்கள், காரணத்தைக் குறிப்பில் எழுதுங்கள்.

பினாங்கில் இரண்டு தேர்தல் ஒரே நாளில் வந்தால் இன்னொரு காரணமும் சேரும்: ஒரு பெட்டியில் ஒன்று கூடுதல், மறு பெட்டியில் ஒன்று குறைவு. தாள் மாறிப் போய் விழுந்திருக்கிறது. ஒரு பெட்டியின் கணக்கை முடித்துக் கையெழுத்திடும் முன் இரண்டு பெட்டியையும் திறந்து தாள் எண்ணிக்கையை மட்டும் முதலில் பார்த்துவிட்டால் இது உடனே வெளிப்படும்.

உறைகளும் ஒப்படைப்பும்

எண்ணியவை, நிராகரித்தவை, பயன்படுத்தாத தாளும் கெட்ட தாளும், அடிக்கட்டைகள், கோடு போட்ட பட்டியல், ஒவ்வொன்றும் தன் தன் உறையில். உறையை ஒட்டும் முன் மேலே எண்ணிக்கையை எழுதுங்கள். ஒட்டியபின் எழுதினால் உள்ளே எண்ணிப் பார்க்க யாராலும் முடியாது. மீதியுள்ள பாதிப் புத்தகத்தின் அடிக்கட்டையை எந்த உறையில் போடுவது என்று கிராணி கேட்பார். பயன்படுத்தாத தாள் அதிலேயே பிணைந்திருப்பதால் பிரித்து எடுக்காமல், உங்களுக்குத் தந்த பணிப்புக் குறிப்பில் சொன்னபடி ஒரே உறையில் வைத்து, மற்ற உறையின் மேல் 'ஒன்பதாவது புத்தகம் இங்கே இல்லை' என்று எழுதுங்கள்.

போராங் 14இன் மூலப் பிரதியை எந்த முத்திரையிட்ட பைக்குள்ளும் போட்டுவிடாதீர்கள். அது கையில் வர வேண்டும். அவசரத்தில் அதையும் உள்ளே போட்டு முத்திரையிட்டுவிட்டால், வாக்குகளைக் கூட்டும் மையத்தில் எல்லார் முன்னிலையிலும் பையை வெட்ட வேண்டி வரும், பின் புது முத்திரைக்குப் புதுக் கணக்கு. அந்த மையத்தில் கொடுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் கையெழுத்து வாங்குங்கள். முத்திரை எண்ணை அவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே உங்கள் குறிப்பேட்டோடு ஒப்பிடுங்கள். மீதி முத்திரையையும் காலிப் புட்டியையும் ஒப்படைக்க மறந்துவிட்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் காலை போன் வரும்.